அப்கார் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள்: பிறந்த குழந்தைக்கு முதல் ஐந்து நிமிடம்

லேபர் ரூமுக்குப் புதிதாக வரும் செவிலிய மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் அப்கார் மதிப்பெண்ணைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஆனால் துவண்டுபோன குழந்தை ஒன்று கைக்கு வந்ததும், "ஒரு நிமிஷம் ஆகட்டும், ஸ்கோர் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்" என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடம் குழந்தைக்கு மூச்சு கொடுக்க வேண்டிய நிமிடம். ஆகவே மதிப்பெண் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

மதிப்பெண் என்ன சொல்கிறது

நியூயார்க்கில் மயக்கவியல் மருத்துவராக இருந்த வர்ஜினியா அப்கார் 1952-இல் உருவாக்கி, 1953-இல் வெளியிட்ட முறை இது. இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் வரும் எதிர்வினை, நிறம் என ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போடுகிறோம். பிறந்து ஒரு நிமிடத்தில் ஒருமுறை, ஐந்து நிமிடத்தில் ஒருமுறை.

துடிப்பே இல்லையென்றால் 0, நிமிடத்துக்கு 100-க்குக் கீழே என்றால் 1, 100-ம் அதற்கு மேலும் 2. மூச்சு இல்லாவிட்டால் 0, ஒழுங்கற்று மெதுவாக இருந்தால் 1, நன்றாக அழுதால் 2. கைகால் துவண்டு கிடந்தால் 0, ஓரளவு மடங்கியிருந்தால் 1, நன்றாக அசைத்தால் 2. தூண்டும்போது ஒன்றுமே செய்யாவிட்டால் 0, முகம் சுளித்தால் 1, அழுதாலோ இருமினாலோ தும்மினாலோ 2.

நிறத்தில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். உடல் முழுவதும் நீலம் அல்லது வெளிறல் 0, உடல் சிவந்து கைகால் மட்டும் நீலம் 1, முழுக்கச் சிவப்பு 2. நம் குழந்தைகளின் தோலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். நலமாகப் பிறந்த குழந்தைக்கே முதல் நிமிடத்தில் ஆக்சிஜன் செறிவு 60 முதல் 65 சதவீதம்தான் இருக்கும். 80-ஐத் தாண்ட ஐந்து நிமிடம் வரை ஆகலாம். அதனால் நன்றாக அழும் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் நிறத்துக்கு 1 கிடைப்பது சாதாரணம்.

இந்தப் பட்டியலில் எங்கும் "இப்போது பேக் பிடித்து மூச்சு கொடு" என்று இல்லை. மதிப்பெண் ஒரு பதிவு. சிகிச்சையை முடிவு செய்பவை மூச்சும் இதயத் துடிப்பும் மட்டுமே.

பிறந்தவுடன் மூன்று கேள்விகள்

மாதம் நிறைந்த குழந்தையா? கைகால் இறுக்கம் இருக்கிறதா? மூச்சு விடுகிறதா, அழுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் குழந்தை அம்மாவின் நெஞ்சிலேயே இருக்கட்டும். துடைத்து, போர்த்தி, தொப்புள்கொடியை அவசரப்படாமல் கட்டுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அடுத்த படிகள் தேவை.

ஓர் உதாரணக் குழந்தையைத் தொடர்வோம். 39 வாரம், 2.8 கிலோ, கழுத்தில் கொடி இறுகச் சுற்றியிருந்தது. வெளியே வந்ததும் துவண்டு கிடக்கிறது, அழவில்லை. கொடியைக் கட்டி வெட்டி வார்மருக்குக் கொண்டு வந்தாயிற்று. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

முதல் 30 விநாடி

மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்து முன்னால் மடங்காமலும் பின்னால் அதிகம் சாயாமலும் வையுங்கள். வாயில் சளியோ நீரோ தெரிந்தால் மட்டும் உறிஞ்சுங்கள். முதலில் வாய், பிறகு மூக்கு. மூக்கை முதலில் தொட்டால் குழந்தை திடுக்கிட்டு மூச்சிழுக்கும்போது வாயில் இருப்பது உள்ளே போய்விடும். குழாயைத் தொண்டைக்குள் ஆழமாக விட்டால் துடிப்பு குறைந்துவிடும். வெதுவெதுப்பான துணியால் துடைத்து, ஈரத் துணியை எடுத்துப் போட்டுவிடுங்கள். முதுகைத் தேயுங்கள், உள்ளங்காலைத் தட்டுங்கள். அவ்வளவு போதும். தலைகீழாகப் பிடிப்பது, பிட்டத்தில் அடிப்பது எல்லாம் கூடாது.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே மோஷன் போயிருந்தால் குழாய் போட்டு மூச்சுக்குழலை வழக்கமாக உறிஞ்சிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படிச் செய்வதில்லை. துவண்ட குழந்தைக்கும் மூச்சு கொடுப்பதுதான் முதல் வேலை.

30 விநாடியில் நம் குழந்தை இலேசாக முகம் சுளிக்கிறது, மூச்சு இல்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்து 6 விநாடி எண்ணுகிறோம்: 8 துடிப்பு. பத்தால் பெருக்கினால் 80. மூச்சு இல்லை அல்லது துடிப்பு 100-க்குக் கீழே. இவற்றில் ஒன்று இருந்தாலே பேக்-மாஸ்க் பிடிக்க வேண்டும். இங்கே இரண்டும் இருக்கிறது. இன்னும் தேய்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

பேக்-மாஸ்க் மூச்சு

மாஸ்க் மூக்கு, வாய், தாடை நுனி மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் படக்கூடாது. மாதம் நிறைந்த குழந்தைக்குச் சாதாரணக் காற்றில் தொடங்கலாம். நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. "அமுக்கு, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டுச் சொன்னால் வேகம் தானாக அமையும். பேக்கை முழுக்கக் கசக்காதீர்கள். நெஞ்சு மெல்ல உயரும் அளவுக்கு அமுக்கினால் போதும்.

சரியாக ஒரு நிமிடத்தில் நாம் பேக் பிடித்துக்கொண்டிருக்கிறோம். உடனிருப்பவர் மதிப்பெண் சொல்கிறார்: துடிப்பு 1, எதிர்வினை 1, மற்றவை 0. மொத்தம் 2. கை நிற்கவில்லை.

15 விநாடி மூச்சு கொடுத்த பிறகு துடிப்பு 70. ஏறவில்லை. இங்கே பலர் பதறி நெஞ்சை அழுத்தப் போவார்கள். பார்க்க வேண்டியது நெஞ்சு அசைகிறதா என்பதை. அசையவில்லை. அதாவது இதுவரை கொடுத்த காற்று நுரையீரலுக்குப் போகவே இல்லை.

மாஸ்கை எடுத்து மறுபடி பொருத்தி, தலையின் நிலையைச் சரிசெய்யுங்கள். தோளுக்கு அடியில் ஒரு மடித்த துணி வைத்தால் கழுத்து சரியாக நிற்கும். கன்னத்தருகே "புஸ்" சத்தம் வந்தால் அங்கே கசிவு. ஐந்து மூச்சு கொடுத்துப் பாருங்கள். அசையவில்லையா? வாயையும் மூக்கையும் உறிஞ்சி, வாயைச் சற்றுத் திறந்து வைத்து மறுபடி ஐந்து மூச்சு. அப்போதும் இல்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டுங்கள். கடைசியில்தான் மூச்சுக்குழல் குழாய் அல்லது லாரிஞ்சியல் மாஸ்க்.

நம் குழந்தைக்கு இரண்டாவது கட்டத்தில், கெட்டியான சளி வெளியே வந்ததும், நெஞ்சு உயர்ந்தது. அதிலிருந்து 30 விநாடி எண்ணுங்கள். நெஞ்சு அசையாத மூச்சு கணக்கில் சேராது. 30 விநாடி முடிவில் துடிப்பு 120. குழந்தை மூச்சிழுக்கத் தொடங்குகிறது. பேக்கின் வேகத்தைக் குறைத்து, தானாக ஒழுங்காக மூச்சு விடுகிறது என்று உறுதியானதும் எடுத்துவிடலாம்.

நெஞ்சு நன்றாக அசைந்தும் 30 விநாடிக்குப் பின் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சழுத்தம். முடிந்தால் அதற்கு முன் குழாய் போட்டு, ஆக்சிஜனை 100 சதவீதமாக்கி, மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு என்று கொடுக்க வேண்டும். இதை இருவர் இல்லாமல் செய்ய முடியாது. உதவிக்கு ஆளைப் பேக் பிடிக்கத் தொடங்கும்போதே கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது நிமிடம்

துடிப்பு 150, அதற்கு 2. அழுகைக்கு 2. கைகால் ஓரளவு மடங்கியிருக்கிறது, 1. தூண்டினால் முகம் சுளிக்கிறது, 1. உடல் சிவந்து கைகால் நீலம், 1. மொத்தம் 7. இது 7-க்குக் கீழே இருந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 20 நிமிடம் வரை மதிப்பெண் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

கேஸ் ஷீட்டில் எண்ணை மட்டும் எழுதி விடாதீர்கள். எந்த நிமிடத்தில் பேக் பிடித்தீர்கள், எவ்வளவு நேரம், ஆக்சிஜன் கொடுத்தீர்களா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். குறைமாதக் குழந்தை நலமாக இருந்தாலும் தசை இறுக்கத்தில் மதிப்பெண் குறையும். அம்மாவுக்குக் கொடுத்த மயக்க மருந்தும் குறைக்கும். "ஸ்கோர் கம்மி, மூளை பாதிச்சிருக்கும்" என்று அந்த எண்ணை வைத்துக் குடும்பத்தாரிடம் சொல்லக்கூடாது. பேக் பிடித்துத் தேறிய குழந்தையை வெப்பநிலை, மூச்சு, ரத்தச் சர்க்கரை பார்த்தபடி கண்காணிப்பில் வைத்திருங்கள்.