ஆட்டுக்கால் வாடை போனது இப்படித்தான்

போன மாதம் வைத்த ஆட்டுக்கால் பாயாவில் முடி பொசுங்கிய வாடை. கடையில் வாட்டித்தான் தந்தார்கள். குளம்பு இடுக்கில் கரிந்த முடி அப்படியே இருந்திருக்கிறது. இந்த முறை இடுக்கைக் கத்தியால் கீறிச் சுரண்டி, மஞ்சளும் கல்லுப்பும் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை வெந்நீரில் அலசினேன். வாடை இல்லை. குக்கரில் சிறுதீயில் ஒரு மணி நேரம் வைத்ததும் தோல் எலும்பை விட்டு நழுவியது. தலைக்கறிக்கு அரை மணி போதும். நல்லி எலும்பை அதிகம் வேகவிட்டால் மஜ்ஜை உருகிக் குழம்போடு போய்விடும்.

சத்து? கால் சூப் ஆறியதும் கட்டியாவது ஜெலட்டின். அது முழுமையான புரதம் இல்லை. சுண்ணாம்புச்சத்தும் பெரும்பாலும் எலும்பிலேயே தங்கிவிடும். மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. புரதமும் இரும்பும் வேண்டுமென்றால் தலைக்கறிதான். அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.