நீண்ட நாள் குடியிருப்பவருக்கு வாடகையை உயர்த்தி மெயில் எழுதுவது எப்படி

சென்னை மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட் இருக்கிறது. நாங்கள் இருப்பது திருச்சியில். அந்த வீட்டில் 2019-இலிருந்து ஒரே குடும்பம்தான் குடியிருக்கிறது. வாடகை 16,000-இல் ஆரம்பித்து, 2022-இல் 17,000 ஆனது. அந்த ஆயிரம் ரூபாயைக் கேட்கும்போது நான் ஒரு தப்பு செய்தேன்: "அடுத்த மாசத்திலிருந்து ஆயிரம் கூட கொடுங்க சார்" என்று வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினேன். பத்து நாள் பதிலே இல்லை. பிறகு பணம் வந்தது, ஆனால் ஒரு வருஷம் வரை அவர் குரலில் பழைய நெருக்கம் இல்லை. 2025-இல் திரும்ப உயர்த்த வேண்டி வந்தபோது உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தேன். அதைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

மெயில் எழுத ஆரம்பிக்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். இரண்டு விஷயம் பாருங்கள்: ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, வாடகை உயர்வு பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா. புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதம் என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான் கேட்க முடியும். ஒன்றும் எழுதவில்லை என்றால் ஒப்பந்தக் காலத்துக்கு நடுவில் கை வைக்காதீர்கள், முடிகிற தேதியிலிருந்துதான் புது வாடகை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை மாற்றமும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். வாய்ப்பேச்சை நம்பி உயர்த்திவிட்டால் பின்னால் தகராறு வரும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

எங்கள் ஒப்பந்தம் பதினொரு மாதம், 2025 மே 31-இல் முடிந்தது.

2. எவ்வளவு கேட்பது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இணையத்தில் போட்டிருக்கும் வாடகையை அப்படியே நம்பாதீர்கள், அது வீட்டுக்காரர் கேட்கிற தொகை. பேரம் பேசி முடிந்த தொகை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நான் சங்கச் செயலாளரிடமும் வாட்ச்மேனிடமும் கேட்டேன். எங்கள் கட்டடத்தில் அதே அளவு வீட்டுக்குப் புதிதாக வந்தவர் 22,000 கொடுக்கிறார் என்று தெரிந்தது.

அப்போ நாமும் 22,000 கேட்கலாமே என்று தோன்றும். ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இவர் காலி செய்தால் புது ஆள் வர இரண்டு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும், பழைய வாடகையில் 34,000 போச்சு. தரகருக்கு ஒரு மாத வாடகை 22,000. பெயின்ட் அடிக்க எனக்குச் சொன்ன தொகை 25,000. மொத்தம் 81,000. இருப்பவரையே வைத்துக்கொண்டு 19,000 வாங்கினால், சந்தை வாடகையைவிட மாதம் 3,000 குறைவு. 81,000-ஐ 3,000-ஆல் வகுத்தால் 27 மாதம். அதாவது புது ஆளைக் கொண்டுவந்து நான் லாபம் பார்க்க இரண்டேகால் வருஷம் ஆகும், அதுவும் அவர் ஒழுங்காக வாடகை கொடுத்தால்.

இன்னொரு பக்கமும் பார்த்தேன். 17,000-க்கு வருஷம் ஐந்து சதவீதம் வீதம் மூன்று வருஷம் ஏற்றியிருந்தால் இன்றைக்கு 19,680 வந்திருக்கும். 19,000 அதற்கும் கீழே. அந்தத் தொகையை முடிவு செய்ததும், இது நியாயம்தானா என்று எனக்குள் இருந்த தயக்கம் போய்விட்டது.

3. எந்தத் தேதியில் சொல்வது

மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று இருந்தாலும், பல வருஷம் இருந்தவருக்கு மூன்று மாதம் கொடுப்பதுதான் மரியாதை, ஏனென்றால் வேண்டாம் என்றால் அவர் வேறு வீடு தேட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டியிருக்கலாம். எங்களுக்குத் தேதி நன்றாக அமைந்தது: மார்ச் 1-இல் மெயில், ஜூன் 1-இலிருந்து புது வாடகை, பள்ளி திறப்பதும் ஜூனில். உங்கள் ஒப்பந்தம் ஜூலை நடுவில் முடிகிறதென்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஆடி மாதத்தில் நம் ஊரில் பெரும்பாலும் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் கெடு வைத்தால் அவருக்குப் போக்கிடம் இல்லாமல் பிடிப்பது போல ஆகிவிடும். ஒரு மாதம் தள்ளி வைத்தால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

4. எந்தக் காரணத்தைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது

குடியிருப்பவர் கணக்குப் போடுவார் என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் 2022-இல் சொத்து வரி கணிசமாக ஏறியது உண்மை. எங்களுக்கு அரையாண்டுக்கு 2,100 கட்டியது இப்போது 3,240 ஆகியிருக்கிறது. ஏறியது 1,140, ஆறு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 190 ரூபாய். 190 ரூபாய் ஏறியதற்கு 2,000 கேட்கிறேன் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? வரியைச் சொல்லலாம், ஆனால் அதுவே முழுக் காரணம் போல எழுதக் கூடாது. உண்மையான காரணம் மூன்று வருஷமாக வாடகை ஏறவே இல்லை என்பதும், அக்கம்பக்கத்தில் ஏறிவிட்டது என்பதும்தான். அதை நேராகச் சொல்வதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

மெயின்டனன்ஸ் விஷயத்தில் பலர் சறுக்குவார்கள். சங்கத்துக்குக் கட்டும் மாதத் தொகையைக் குடியிருப்பவரே தனியாகக் கட்டுகிறார் என்றால், அது ஏறியதை உங்கள் காரணமாகக் காட்ட முடியாது. அவர் ஏற்கெனவே அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்!

அப்புறம் ரிப்பேர். போன மழைக்குக் குளியலறைச் சுவரில் கசிவு வந்து 38,000 செலவு செய்தோம். அதை நான் மெயிலில் சேர்க்கவில்லை. சுவர், குழாய், வயரிங் இதையெல்லாம் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரர் வேலை, சட்டத்தின் இரண்டாவது அட்டவணையிலும் அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரி சின்னச் சின்ன வேலை குடியிருப்பவருடையது. ரிப்பேர் வேறு, வசதி வேறு. அவர் சம்மதித்துப் புதிதாக ஒரு வசதி செய்து கொடுத்திருந்தால் அதைத் தாராளமாகக் காரணமாகச் சொல்லலாம்.

அட்வான்ஸையும் இதோடு சேர்த்து ஏற்றாதீர்கள். நான் அவரிடம் வாங்கியிருப்பது மூன்று மாத வாடகை, அது அப்படியே இருக்கட்டும் என்று மெயிலிலேயே எழுதிவிட்டேன். அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

5. முந்தின நாள் ஒரு போன்

மெயில் திடீரென்று போய் விழக் கூடாது. சாயங்காலம் கூப்பிட்டு, "சார், ஜூனிலிருந்து வாடகையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கு, விவரமா நாளைக்கு மெயில் போடறேன், வீட்டில் பேசிட்டுச் சொல்லுங்க" என்றேன். எவ்வளவு என்று கேட்டார், தொகையைச் சொன்னேன், பேரத்தை அங்கேயே ஆரம்பிக்கவில்லை. போனில் பேரம் பேசினால் இருவரும் யோசிக்காமல் ஏதாவது சொல்லிவிடுவோம்.

6. மெயில்

நான் அனுப்பியது இதுதான், வீட்டு எண்ணை மட்டும் எடுத்துவிட்டேன்.

> பொருள்: மடிப்பாக்கம் வீடு, 2025 ஜூன் 1 முதல் வாடகை மாற்றம்
>
> வணக்கம் சார்,
>
> நேற்று போனில் சொன்ன விஷயம். நம் ஒப்பந்தம் மே 31-இல் முடிகிறது. புதுப்பிக்கும்போது மாத வாடகையை 17,000 ரூபாயிலிருந்து 19,000 ரூபாயாக மாற்றலாம் என்று நினைக்கிறோம். ஜூன் மாத வாடகையிலிருந்து, அதாவது நீங்கள் ஜூன் 5-க்குள் அனுப்பும் தொகையிலிருந்து இது நடைமுறைக்கு வரும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களுக்குப் பழைய வாடகைதான்.
>
> 2022-க்குப் பிறகு வாடகையை மாற்றவில்லை. நம் கட்டடத்தில் இதே அளவு வீட்டுக்கு இப்போது 22,000 வரை போகிறது. சொத்து வரியும் ஏறியிருக்கிறது, அது மாதத்துக்கு 190 ரூபாய் அளவுதான், ரசீதை இணைத்திருக்கிறேன். நீங்கள் ஆறு வருஷமாக வீட்டை உங்கள் வீடு போலப் பார்த்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் சந்தை வாடகையைக் கேட்கவில்லை.
>
> அட்வான்ஸில் மாற்றம் இல்லை. மெயின்டனன்ஸ் இப்போது போலவே நீங்கள் சங்கத்துக்குக் கட்டுவது.
>
> வீட்டில் கலந்து பேசி மார்ச் 31-க்குள் பதில் சொல்லுங்கள். தொகை சிரமமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், பேசலாம். வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.
>
> அன்புடன்

இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். "ஜூன் மாத வாடகை" என்று மட்டும் எழுதினால் போதாது. சிலர் அந்த மாத வாடகையை அந்த மாதத் தொடக்கத்திலேயே கொடுப்பார்கள், சிலர் மாதம் முடிந்த பிறகு. எந்தத் தேதியில் வரும் பணம் என்று எழுதாவிட்டால் முதல் மாதமே குழப்பம்தான். இன்னொன்று, "இல்லாவிட்டால் காலி செய்யுங்கள்" என்ற வரி இதில் எங்கேயும் இல்லை. முதல் மெயிலிலேயே அதை எழுதினால் மற்ற எல்லாமே மிரட்டலாகத்தான் தெரியும். நிஜமாகவே ஒத்துவரவில்லை என்றால் அதற்குத் தனி நோட்டீஸ் இருக்கிறது, வாடகை நீதிமன்றம் இருக்கிறது. தண்ணீர், கரன்ட்டை நிறுத்துவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மெயில் போட்டதும் வாட்ஸப்பில் "மெயில் அனுப்பியிருக்கிறேன் சார்" என்று ஒரு வரி. சிலர் மெயிலை வாரக்கணக்கில் திறக்க மாட்டார்கள்.

7. பதில் வந்த பிறகு

எட்டாவது நாள் பதில் வந்தது. 18,500 என்றால் உடனே சரி, அதோடு சமையலறை சிங்க் குழாய் ஒழுகுகிறது, மாற்றித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். குழாய் வேலையைப் பேரத்தில் சேர்க்காமல் அந்த வாரமே பிளம்பரை அனுப்பிவிட்டேன். 500 ரூபாய் வித்தியாசம் வருஷத்துக்கு 6,000. நான் 18,500-க்கு ஒத்துக்கொண்டு, அடுத்த புதுப்பித்தலில் 19,000 என்று இப்போதே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவரும் சரி என்றார்.

மெயிலில் சரி என்று சொல்லிவிட்டார், வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். புது வாடகையோடு புது ஒப்பந்தம் போட்டு இருவரும் கையெழுத்திட்டு, tenancy.tn.gov.in தளத்தில் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பிற்பாடு உரிமை கேட்டுப் போவது சிரமம்.

ஜூன் 3-ஆம் தேதி என் கணக்குக்கு வந்தது 17,000 ரூபாய்தான். மனசு ஒரு நிமிடம் திக்கென்றது. கூப்பிட்டேன். வங்கியில் மாதாமாதம் தானாகப் போகும்படி அவர் போட்டு வைத்திருந்த தொகையை மாற்ற மறந்திருக்கிறார், அவ்வளவுதான். மீதி 1,500 பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மே கடைசி வாரத்தில் "சார், வங்கியில் தொகையை மாத்திட்டீங்களா" என்று ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம். நீங்கள் அனுப்பிவிடுங்கள்.