இரண்டு மையில் ஒரு முகம்: டியோடோன் அட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே படத்தை இரண்டு மைகளில் அச்சிடுவதுதான் டியோடோன். படம் சிறியது, மங்கலானது என்பதையெல்லாம் அச்சகத்தாரே சொல்லிவிடுவார்கள். அவர்கள் கண்ணிலும் தப்பி, அச்சான பிறகே தெரியவரும் பிழைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு மைக்கும் ஒரே கர்வ்

கிரேஸ்கேல் படத்தை டியோடோன் ஆக்கும்போது, எந்தச் சாம்பல் அளவுக்கு எவ்வளவு மை விழ வேண்டும் என்று சொல்லும் கர்வை ஃபோட்டோஷாப் புதிய மைக்கு நேர்கோடாகவே தருகிறது. புதியவர்கள் நிறத்தைத் தேர்ந்துவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஓர் இளைஞர் கவிதை நூல் அட்டைக்கு ஒரு மூதாட்டியின் முகத்தைக் கறுப்பிலும் ஆரஞ்சிலும் அமைத்திருந்தார். திரையில் நன்றாகவே இருந்தது. அச்சில் கன்னமும் நெற்றியும் ஒரே பழுப்பாகி, சுருக்கங்கள் காணாமல் போயின. அச்சகத்தில் மையை அள்ளிவிட்டார்கள் என்று கோபப்பட்டார். கோப்பைத் திறந்தால் இரண்டு கர்வும் நேர்கோடு!

கன்னத்தில் 40 விழுக்காடு சாம்பல் இருந்தால், நேர்கோட்டுக் கர்வில் கறுப்பும் 40, ஆரஞ்சும் 40 விழும். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடித்ததற்குச் சமம் அது. போதாததற்கு, பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சி, படம் அச்சாகும் நுண்புள்ளிகளைப் பருக்க வைக்கும். 50 விழுக்காட்டுப் புள்ளி 70ஐ நெருங்கித் தெரிவது அங்கே சாதாரணம்.

அந்த அட்டையில் வேலையைப் பிரித்துக் கொடுத்தோம். கறுப்பு கண், முடி, சுருக்கத்தின் ஆழம் ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்: 40 இருந்த இடத்தில் 15, 70க்கு 45, 100க்கு 100. தோலின் நடுத்தொனி ஆரஞ்சுக்கு: 40க்கு 45, 70க்கு 65, 100க்கு 70. நிழலில் ஆரஞ்சைக் குறைத்ததால் அங்கே மை குவியவில்லை, கறுப்பும் அடைத்துக்கொள்ளவில்லை. இந்த எண்கள் அந்தப் படத்துக்கும் அந்தத் தாளுக்கும் உரியவை. அப்படியே எடுத்தாளாமல், இன்ஃபோ பேனலைத் திறந்து கன்னத்தின் மேல் சுட்டியை வைத்து இரு மைகளின் அளவையும் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் கர்வுக்குத் திரும்புங்கள்.

இருண்ட மை இல்லாத ஜோடி

ஆரஞ்சும் இளநீலமும் சுவரொட்டியில் கண்ணைப் பறிக்கும், ஆனால் கண்மணி கறுக்காது. இரண்டு மைகளையும் முழு அளவில் ஒன்றன்மேல் ஒன்று அடித்தால் எவ்வளவு இருள் கிடைக்கிறதோ, அதுதான் அந்த முகத்தின் எல்லை. குறைந்தது ஒரு மையாவது கருநீலம், அடர்பழுப்பு போல ஆழமாக இருக்க வேண்டும்.

கிரேடியன்ட் மேப்பை டியோடோன் என்று நினைப்பது

சாம்பல் அளவுகளுக்குப் பதில் நிறங்களை இடும் கிரேடியன்ட் மேப் திரைக்குச் சரி. அச்சுக்கு அனுப்பினால் இரண்டு மைக்குப் பதில் CMYK மைகளுக்கு நான்கு பிளேட்.

மையின் பெயர்

படத்தில் PANTONE 151 C, தலைப்பெழுத்தில் PANTONE 151 U என்று இருந்தால், ஒரே மையை இரண்டு மையாக எண்ணி மூன்றாவது பிளேட் வரும். அனுப்பும் முன் இன்டிசைனில் Separations Preview திறந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

புள்ளிக் கோணம்

இரண்டு மைகளின் புள்ளி வரிசைகளும் சாயும் கோணங்களுக்கு இடையே 30 பாகை இடைவெளி வேண்டும். இல்லையேல் முகத்தில் வலைக்கோலம்.