கண்ணால் படித்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பும்போது வரும் தவறுகள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது, "இது பிள்ளை எழுதினதா, மிஷின் எழுதினதா?" என்பதுதான். மிஷின் என்று அவர்கள் சொல்வது சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை. பத்து வரி படித்தாலே தெரிந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். சோதித்துப் பார்த்தவர்களின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண வாசகர்களுக்குக் கதை, செய்தி, சமையல் குறிப்பு ஆகியவற்றைக் கொடுத்து, எழுதியது யார் என்று கேட்டார்கள். மனிதர் எழுதியவற்றை, அப்படிப்பட்ட மிஷினான பழைய ஜிபிடி-2 எழுதியவற்றோடு கலந்து கொடுத்தபோது சுமார் 58 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஜிபிடி-3 வந்ததும் அது 50-க்கு இறங்கிவிட்டது. அதாவது காசைச் சுண்டிப் போட்டதற்குச் சமம்.

இதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை, தவறான தடயத்தைப் பிடித்துக்கொள்வதுதான். படிக்கிறவர்கள் பெரும்பாலும் இலக்கணம், எழுத்துப்பிழை, நடை என்று மேலோட்டமானவற்றையே பார்க்கிறார்கள். மிஷினுக்கு மிக எளிதாக வருவதும் அதுதான். எழுத்துப்பிழை இருந்தால் மனிதர் என்று ஒருவர் சொல்வார், அதே பிழையைக் காட்டி மிஷின் என்று இன்னொருவர் சொல்வார். 2023-இல் வந்த இன்னோர் ஆய்வில், தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார்கள். "நான்" என்று பேசி, குடும்பத்தைப் பற்றிச் சொன்னால் அது மனிதர் எழுதியது என்றே மக்கள் நம்பினார்கள். மிஷினும் அப்படித்தான் எழுதும். கேட்டால் இன்னும் கூடுதலாகவே எழுதும்.

எல்லைப் பகுதியில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் பாதி மலையாளம் கலந்து பேசுகிற பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பெரும்பாலும் பாடப்புத்தகத்திலிருந்துதான் வருகிறது. அதனால் கட்டுரையில் "மேலும்", "ஆயினும்", "எனவே" என்று விறைப்பாக வரும், ஒவ்வொரு பத்தியும் ஒரே அளவில் இருக்கும். அதைப் பார்த்து "பிள்ளை இப்படி எழுதாது" என்று ஒதுக்கினால், ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் மாட்டும்.

எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கட்டுரையில் பத்து மிஷின் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். நடுவர் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் 55 சதவீதம் சரியாகச் சொல்கிறார். அப்போது மிஷின் கட்டுரைகளில் ஐந்தோ ஆறோ பிடிபடும். மீதித் தொண்ணூறில் 45 சதவீதம், அதாவது நாற்பது பிள்ளைகள் சும்மா சந்தேகத்துக்கு ஆளாவார்கள். பிடிபட்டவர்களில் எட்டில் ஏழு பேர் தப்பே செய்யாதவர்கள்!

சரி, பயிற்சி கொடுத்தால்? நான் சொன்ன முதல் ஆய்விலேயே அதையும் பார்த்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று குறிப்புக் கொடுத்தார்கள், விளக்கத்தோடு மாதிரிகள் காட்டினார்கள், மனிதர் எழுதியதையும் மிஷின் எழுதியதையும் ஜோடியாக வைத்தும் காட்டினார்கள். மாதிரி காட்டியதில்தான் கொஞ்சம் பலன் தெரிந்தது, அதுவும் 55 சதவீதம் வரைக்கும்தான். ஆக, "இந்த ஐந்து அடையாளம் பாருங்கள்" என்று ஒரு மணி நேர வகுப்பு எடுத்து நடுவர்களைத் தயார் செய்வது வீண். அந்த வகுப்பால் நடுவர்களுக்குத் தைரியம்தான் கூடும்.

ஆனாலும் பயிற்சியே உதவாது என்று முடிவு கட்டுவதும் தப்பு. 2025-இல் வந்த ஓர் ஆய்வில், எழுத்து வேலைக்கு இந்தக் கருவிகளை அடிக்கடி பயன்படுத்தும் ஐந்து பேரிடம் 300 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். பெரும்பான்மைக் கருத்தை எடுத்துப் பார்த்ததில் ஒரே ஒரு கட்டுரையில்தான் தவறு. அவ்வளவாகப் பயன்படுத்தாதவர்கள் வழக்கம்போலக் காசு சுண்டும் நிலையில்தான் இருந்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மிஷின் என்ன கேட்டால் எப்படி எழுதும் என்று தினமும் பார்த்துப் பழகிய கண் அது. சொல்தேர்வு மட்டுமில்லாமல், சொல்கிற விஷயத்தில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்த்தார்கள்.

ஆனால் இவை எல்லாமே ஆங்கில எழுத்தை வைத்துச் செய்தவை. ஆங்கிலத்தில் கைதேர்ந்தவர் தமிழிலும் தேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் கண்ணை நீங்களே சோதிக்கலாம். யார் எழுதியது என்று நிச்சயமாகத் தெரிந்த இருபது தமிழ்க் கட்டுரைகளை, பாதிக்குப் பாதி, வேறொருவரைக் கலந்து தரச் சொல்லுங்கள். பன்னிரண்டு சரியாக வந்தால் குதிக்க வேண்டாம். காசைச் சுண்டினாலும் நாலில் ஒரு தடவை பன்னிரண்டோ அதற்கு மேலோ வரும். பதினைந்து வந்தால் விஷயம் இருக்கிறது, நூறில் இரண்டு தடவைதான் அது தற்செயலாக நடக்கும். அப்புறம், ஒவ்வொன்றுக்கும் விடையைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் காரணத்தை எழுதி வையுங்கள். விடை தெரிந்த பிறகு எல்லாருக்கும் காரணம் தோன்றும்.