பூஜ்ஜியமாக்கினால் வேகம் வராது: சிறிய ப்ராசஸருக்காக ப்ரூனிங் செய்யும்போது நடக்கும் தவறுகள்

நியூரல் நெட்வொர்க்கின் முக்கியமில்லாத பகுதிகளை வெட்டிச் சிறிதாக்குவதுதான் ப்ரூனிங். அப்படிப் பாதி வெயிட்களைப் பூஜ்ஜியமாக்கிய பிறகும் மாடல் அதே வேகத்தில்தான் ஓடுகிறது என்று பலர் திகைக்கிறார்கள். காரணம் எளிது. வழக்கமான கன்வல்யூஷன் கர்னல், வெயிட் பூஜ்ஜியமா என்று பார்ப்பதே இல்லை. மற்ற எண்களைப் போலவே அதையும் பெருக்கிக் கூட்டிவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய பூஜ்ஜியங்களைத் தாண்டிப் போக வேண்டுமானால், எது எங்கே இருக்கிறது என்ற குறியீட்டையும் படிக்க வேண்டும். சிறிய ப்ராசஸரில் அந்தச் செலவே மிச்சத்தைத் தின்றுவிடும்.

சரி, முழு சேனல்களாக வெட்டினால்? அதுதான் சரியான வழி. ஆனால் பைடார்ச்சில் அப்படிச் செய்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள்:

```python
prune.ln_structured(conv, "weight", amount=0.25, n=1, dim=0)
prune.remove(conv, "weight")
print(conv.weight.shape)  # torch.Size([64, 64, 3, 3])
```

64 ஃபில்டர்களில் 16 பூஜ்ஜியமாகிவிட்டன. டென்சரின் அளவோ மாறவில்லை. `remove` நீக்குவது மாஸ்க்கை மட்டும்தான், சேனலை அல்ல. மீதி 48 ஃபில்டர்களைக் கொண்டு புதிய, சிறிய லேயரை நாம்தான் கட்ட வேண்டும். அதன் பேட்ச்நார்ம் மதிப்புகளிலும், அடுத்த லேயரின் உள்ளீட்டுப் பக்கத்திலும் அதே 16 சேனல்களை நீக்க வேண்டும். 56×56 வெளியீடு தரும் 3×3 லேயர் என்றால், சுமார் 11.6 கோடியாக இருந்த பெருக்கல்-கூட்டல்கள் அப்போது 8.7 கோடியாகக் குறையும். அடுத்த லேயரிலும் கால் பங்கு குறையும்.

இந்த இடத்தில் பேட்ச்நார்மைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் தெரியாமல் போகும் தவறு என்பேன். ஃபில்டர் பூஜ்ஜியமானாலும் பேட்ச்நார்ம் தன் சராசரியைக் கழித்து, பயாஸைக் கூட்டும். அதனால் அந்தச் சேனல் ஒரு நிலையான எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். ரெலுவுக்குப் பிறகும் அது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், சேனலை வெட்டியதும் மாடலின் விடை மாறும். மாஸ்க் போட்ட மாடலில் அளந்த துல்லியத்தை நம்பாமல், வெட்டிய மாடலையே மீண்டும் பயிற்றுவித்து அளக்க வேண்டும்.

ரெசிடுவல் இணைப்பு இருந்தால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒன்றாகக் கூட்டப்படும் இரண்டு கிளைகளிலும் ஒரே சேனல்களைத்தான் வெட்ட முடியும். பிளாக்கின் உள்ளே இருக்கும் லேயர்களை மட்டும் வெட்டினால் இந்தச் சிக்கல் வராது. தொடங்க அதுவே நல்ல இடம்.

எத்தனை சேனல் மிச்சம் வைப்பது என்பதை முக்கியத்துவ மதிப்பெண்ணிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஆர்ம் ப்ராசஸரின் நியான் ரெஜிஸ்டர் 128 பிட். அதில் 32 பிட் எண்கள் நான்கு அடங்கும். கர்னல்கள் பெரும்பாலும் சேனல்களை 4 அல்லது 8 கொண்ட கட்டுகளாக எடுக்கும். 8 கட்டு என்றால் 41 சேனலுக்கும் 48 சேனலுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆகும். அப்படியிருக்க அந்த ஏழு சேனல்களை வீணாக இழப்பானேன்? 48 வையுங்கள், அல்லது 40-க்கு இறங்குங்கள்.

அப்புறம், கணக்குகளின் எண்ணிக்கையை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். மெமரியிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கும் லேயரில் பெருக்கல்கள் குறைந்தாலும் நேரம் அதே அளவு குறையாது. மாடலை ஓட்டப்போகும் அதே கருவியில், அதே த்ரெட் எண்ணிக்கையில், முதல் சில ஓட்டங்களைத் தள்ளிவிட்டு, லேயர் லேயராக அளந்து பாருங்கள். நேரத்தை அதிகம் தின்னும் லேயரிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.