கேம் காட்சிக்கு விதிகளால் மரம் வளர்ப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கிளை மூன்றாகப் பிரிகிறது, ஒவ்வொன்றின் நீளமும் முக்கால் ஆகிறது, இதையே ஏழு முறை திரும்பச் செய்கிறோம். இவ்வளவு எழுதினாலே திரையில் மரம் போல ஒன்று வந்துவிடும். நான் முதலில் எழுதியதும் இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் மரம், பக்கத்தில் போனால் துடைப்பம். நுனிக்குச்சி கைத்தடி அளவு தடிமனாக இருந்தது. இலைகள் எல்லாம் ஒரே கோளத்தின் மேல் ஒட்டியது போல வரிசையாக நின்றன. எங்கே தவறினேன் என்று பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் ஒரே இடத்திலிருந்து வந்தன. கிளை எப்போது நிற்க வேண்டும் என்பதை, எத்தனை முறை பிரிந்தது என்னும் மட்ட எண்ணிக்கையை வைத்து முடிவு செய்திருந்தேன்.

மட்டத்தை எண்ணி நிறுத்துவது

மூன்று மூன்றாகப் பிரியும் மரத்தில் ஏழாவது மட்டத்தில் 2187 நுனிகள் இருக்கும். இன்னும் ஒரு மட்டம் கூட்டினால் 6561. நடுவில் எந்த அளவும் கிடைக்காது. மரம் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்று எண்ணை ஒன்று கூட்டினால் வேலை மூன்று மடங்காகிறது. அதைவிடப் பெரிய குறை, எல்லா நுனியும் அடியிலிருந்து சரியாக ஒரே எண்ணிக்கைக் கவைகளைத் தாண்டி முடிவது. உண்மையான மரத்தில் அடிமரத்தின் பக்கத்தில் முளைத்த சிறுகிளையும் உச்சிவரை போகும் நடுக்கிளையும் ஒரே எண்ணிக்கையில் பிரிவதில்லை. அந்தச் சமச்சீர்தான் துடைப்பத் தோற்றத்தைத் தருகிறது.

தடிமனை வைத்து நிறுத்துங்கள். தாய்க்கிளையின் குறுக்குவெட்டுப் பரப்பு, பிரிந்த கிளைகளின் பரப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்பது லியொனார்டோ டா வின்சி குறித்து வைத்த விதி. எல்லா மரத்துக்கும் இது அச்சாகப் பொருந்தாது. ஆனால் கேமுக்கு இது தரும் பலன் பெரிது, ஏனென்றால் பரப்பு என்பது பங்கு போட்டுக் கொடுக்கும் கையிருப்பு போல ஆகிவிடுகிறது. நடுக்கிளைக்கு 60 விழுக்காடு, பக்கக்கிளை இரண்டுக்கும் தலா 20 என்று வைத்துக்கொள்வோம். விட்டம் பரப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என்பதால், நடுக்கிளை தாயின் விட்டத்தில் 0.775 மடங்கு, பக்கக்கிளை 0.447 மடங்கு.

```
grow(b):
    addSegment(b)
    if b.d < 1.0:        # செ.மீ.
        addLeaves(b)
        return
    for share in [0.6, 0.2, 0.2]:
        c = makeChild(b, share)
        c.d = b.d * sqrt(share)
        grow(c)
```

அடிமரம் 30 செ.மீ. என்று தொடங்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுக்கிளையாகவே போகும் பாதை 14 முறை பிரிந்த பிறகே 1 செ.மீ.க்குக் கீழே வரும். பக்கக்கிளையிலிருந்து பக்கக்கிளையாகவே போகும் பாதை 5 முறையில் முடிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வுதான் மரத்துக்கு மரத்தனம் தருகிறது. இதே பங்கீட்டை மட்டம் 5-இல் நிறுத்தியிருந்தால், நடுக்கிளை இன்னும் 8 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கும்போதே இலை விட்டிருக்கும். மாறாக எல்லாப் பாதையையும் மட்டம் 14 வரை ஓட விட்டால் நுனிகள் 47 லட்சத்தைத் தாண்டும்.

எத்தனை நுனி வரும் என்பதையும் ஓட்டிப் பார்க்காமலே சொல்லலாம். நின்ற கிளை ஒவ்வொன்றின் விட்டமும் 0.447 செ.மீ.க்கும் 1 செ.மீ.க்கும் நடுவில் இருக்கும். மொத்தப் பரப்பு மாறாதது. ஆகவே நுனிகள் 900-க்குக் குறையாது, 4500-ஐத் தாண்டாது. இந்தப் பங்கீட்டில் சுமார் 2000 வரும். நிறுத்தும் விட்டத்தைப் பாதியாக்கினால் நுனிகள் சுமார் நான்கு மடங்காகும். 1.0-ஐ 0.9 ஆக்கிக் கொஞ்சம் அடர்த்தி கூட்டலாம் என்பது மட்டக்கணக்கில் கிடைக்காத வசதி.

நீளத்தையும் தடிமனோடு கட்டிவிடுவது நல்லது. விட்டத்தின் 2/3 அடுக்குக்கு ஏற்ப நீளம் குறையட்டும். அடித்துண்டு 1.5 மீட்டர் என்றால் நடுப்பாதை மொத்தம் 9 மீட்டரை ஒட்டி வரும். மெல்லிய கிளை நீண்டு தொங்குவதும் தடித்த கிளை மொட்டையாக நிற்பதும் இதிலேயே போய்விடும்.

திசையை உலகின் மேல்நோக்கி அச்சிலிருந்து கணக்கிடுவது

கிளையின் திசை தெரியும், மேல்நோக்கி அச்சு தெரியும், இரண்டையும் குறுக்குப் பெருக்கல் செய்து மற்ற அச்சுகளை எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அடிமரமே நேர் மேலே பார்க்கிறது. இரண்டு திசையும் ஒன்றானால் குறுக்குப் பெருக்கல் பூஜ்யம். கொஞ்சம் சாய்ந்த கிளையிலோ, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் அச்சு சட்டென்று திரும்பிவிடும். பட்டையின் டெக்ஸ்சர் துணி பிழிந்தது போல முறுக்கிக்கொண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒவ்வொரு கிளையும் தாயின் குவாட்டர்னியனை வாங்கி, அதன் சொந்த அச்சுகளில் திருப்ப வேண்டும். கிளை ஒய் அச்சில் நீள்கிறது என்றால்:

```
q = parent.q * rotY(roll) * rotX(bend)
```

பெருக்கும் வரிசையை இடம் மாற்றினால் உலக அச்சில் திரும்பும். அடிமரத்தில் வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் அங்கே இரண்டு அச்சும் ஒன்று. மூன்றாவது மட்டத்தில்தான் கிளைகள் எல்லாம் ஒரு பக்கமாக வாரிவிட்டது போலத் தெரியும். அதனால் இதைச் சோதிக்க மரத்தையே 90 டிகிரி படுக்க வைத்து வளருங்கள். வடிவம் மாறாமல் அப்படியே படுத்திருந்தால் வரிசை சரி.

`roll` கோணத்தைக் கொடுக்காமல் விட்டால் எல்லாக் கவையும் ஒரே தளத்தில் விழுந்து விசிறி போலத் தட்டையாகும். முழு ரேண்டமாகக் கொடுத்தால் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் ஓட்டையாகும். அடுத்தடுத்த கிளைக்கு 137.5 டிகிரி கூட்டி, அதன் மேல் பத்துப் பதினைந்து டிகிரி ரேண்டம் சேர்த்தால் போதும்.

இலைகள்

இலைகளில் நான் அதிக நேரம் இழந்தது அளவில்தான். கிளைகளைத் தாய் சேய் நோடுகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 0.75 ஸ்கேல் கொடுத்திருந்தேன். ஏழு மட்டம் இறங்கினால் இலை 13 விழுக்காடாகச் சுருங்கியிருக்கும். நீளத்துக்கு ஒரு ஸ்கேல், தடிமனுக்கு ஒன்று என்று வேறு வேறாகக் கொடுத்தால் சுருங்குவதோடு கோணலாகவும் இழுபடும். அப்போது நான் இலையின் அளவைப் பெருக்கிச் சரிகட்டினேன். அது இன்னொரு தவறு, ஏனென்றால் வேறு மட்டத்தில் முடியும் கிளையில் இலை பூதாகரமாகிவிடும். கிளையின் நிலையில் இடமும் குவாட்டர்னியனும் மட்டும் இருக்கட்டும். தடிமனும் நீளமும் வெறும் எண்கள். இலைக்கு அதன் சொந்த அளவு, அதில் 0.8 முதல் 1.2 வரை மாற்றம்.

இலை மெஷ்ஷின் மையப்புள்ளி காம்பின் அடியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் பாதி இலை குச்சிக்குள் புதைந்திருக்கும், காற்று அனிமேஷனில் காற்றாடி போலத் தன் நடுவைச் சுற்றும்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2000 நுனி, நுனிக்கு 8 இலை என்றால் 16,000 இலைகள். ஒவ்வொன்றையும் தனி ஆப்ஜெக்டாக வைத்தால் சிபியு திணறும். ஒரே மெஷ்ஷை இன்ஸ்டன்ஸாக வரைந்தால் ஒரு இலைக்கு 4×4 மேட்ரிக்ஸ், அதாவது 64 பைட். மொத்தம் சுமார் 1 எம்பி. இன்னும் நல்லது, எட்டு இலையையும் ஒரு கொத்தாக ஒரே மெஷ்ஷில் செய்துவிட்டு நுனிக்கு ஒரு இன்ஸ்டன்ஸ் வைப்பது. 128 கேபியில் முடிந்தது. மூன்று நான்கு வகைக் கொத்து இருந்தால் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படாது.

இப்போது ஒளி. தட்டையான இலைகள் தங்கள் உண்மையான நார்மலோடு வெளிச்சத்தை வாங்கினால், மரம் முழுதும் கறுப்பும் வெள்ளையுமாகப் பொரிந்து தெரியும். கேமரா நகரும்போது மினுமினுக்கும். நார்மலை இலைத்திரளின் நடுவிலிருந்து வெளிநோக்கித் திருப்பினால் மரம் ஒரு திரளாக ஒளி வாங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த நார்மலை மெஷ்ஷிலேயே பதித்து வைக்க முடியாது. இன்ஸ்டன்ஸின் திருப்பம் அதையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஷேடரில், இன்ஸ்டன்ஸின் இடத்திலிருந்து கணக்கிட வேண்டும்:

```
vec3 outN = normalize(instPos - crownCenter);
vec3 n = normalize(mix(leafN, outN, 0.8));
```

`instPos`, `crownCenter`, `leafN` மூன்றும் ஒரே வெளியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தெரியும் இலை என்றால், பின்பக்கத்துக்கு நார்மலைப் புரட்டும் வரி உங்கள் ஷேடரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இந்தக் கணக்குக்குப் பிறகு ஓடினால், பாதி இலைகள் மரத்தின் உள்ளே பார்த்து இருண்டு போகும்.

மரம் திரையின் ஓரத்துக்குப் போகும்போது இலைகள் சட்டென்று மறைந்தால், இன்ஜின் ஒரே ஒரு இலையின் எல்லைக்கோளத்தை வைத்து மொத்தத்தையும் வெட்டுகிறது. மரம் முழுவதுக்கும் எல்லையைக் கணக்கிட்டுக் கொடுங்கள். தூரம் போகப்போக மரம் மெலிந்தால், மிப்மேப்பில் ஆல்ஃபா தேய்ந்து கட்அவுட் வரம்புக்குக் கீழே போகிறது. டெக்ஸ்சர் இறக்குமதியில் ஆல்ஃபா பரப்பைக் காக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள்.

ஒரே ரேண்டம் வரிசையை எல்லாரும் பகிர்வது

அழகான மரம் ஒன்று கிடைத்துவிட்டது. இலை மட்டும் கொஞ்சம் கூடட்டும் என்று 8-ஐ 9 ஆக்கினால், மரமே வேறு மரமாகிவிடுகிறது. ஒன்பதாவது இலை ஒரு ரேண்டம் எண்ணை எடுத்துக்கொண்டதால் அதற்குப் பின்னால் வரும் கிளைகளுக்கெல்லாம் எண் நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு கிளைக்கும் அதன் பாதையிலிருந்து தனி விதை வர வேண்டும்:

```
c.seed  = hash(b.seed, childIndex)
leafRng = Rng(hash(c.seed, 1000))
```

இலைக்குத் தனி வரிசை, கிளைக்குத் தனி வரிசை. கிளையை வளர்க்கும் வரிசைமுறையை மாற்றினாலும், வேறு த்ரெட்டில் ஓட்டினாலும் அதே மரம் வரும். எல்ஓடிக்காக நிறுத்தும் விட்டத்தை 1 செ.மீ.யிலிருந்து 2 ஆக்கினால், மிஞ்சும் கிளைகள் இருந்த இடத்திலேயே இருந்து, நுனிகள் மட்டும் சுருங்கும். அப்போது இலைக்கொத்துகள் சுமார் கால்வாசியாகும், கொத்தின் நீள அகலத்தை இரண்டு மடங்காக்கினால் இலைத்திரளின் நிறைவு ஏறத்தாழ அப்படியே நிற்கும். சரிபார்க்க, இரண்டு நிலையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். அடிமரத்திலும் மிஞ்சும் கிளைகளிலும் ஒரு பிக்சல்கூட விலகக் கூடாது. விலகினால் எங்கோ ஒரு கிளை இன்னும் பொது வரிசையிலிருந்து எண் எடுக்கிறது.