“சரி பண்ணுங்க” என்று மட்டும் வந்த டைம்டேபிள்

தலைமையாசிரியர் வாட்ஸ்அப்பில் டைம்டேபிளை ஒட்டி, “சரி பண்ணுங்க சார்” என்றார், அவ்வளவுதான். யார் எப்போது வருவார், ஆய்வகம் எத்தனை, ஒன்றும் இல்லை.

வகுப்புவாரியாக இருந்ததை எக்செலில் ஆசிரியர்வாரியாகத் திருப்பி எழுதினேன். மோதல் உடனே தெரிந்தது: செவ்வாய் 3ஆம் பீரியடில் இயற்பியல் ஆசிரியர் 11 ஏ, 11 பி இரண்டிலும் இருந்தார். 11 பி-யில் அதை 5ஆம் பீரியட் தமிழோடு மாற்றினேன்; மாறிப் போகும் புது நேரத்தில் இரண்டு ஆசிரியர்களுக்கும் வேறு வகுப்பில்லை.

கணினி ஆசிரியர் பெயர் மதியத்துக்கு மேல் எங்குமே இல்லை. பகுதிநேரமாக இருக்கலாம், அதனால் அவர் கட்டங்களைத் தொடவில்லை.

வியாழன் கடைசி இரண்டு பீரியடில் 11 ஏ, 12 ஏ இரண்டுக்கும் வேதியியல் செய்முறை, ஆசிரியர்கள் வேறு வேறு. ஆய்வகம் ஒன்றுதான் என்றால் இது மோதல். இரண்டு என்றால் தப்பே இல்லை. அதை மஞ்சளிட்டு, மாற்றிய கட்டங்களைப் பச்சையிட்டு, “ஆய்வகம் எத்தனை சார்?” என்று கேட்டு அனுப்பினேன்.